விடை தவறினால் காலக்கோட்டில் எங்கே தேடுவது: பணத்தின் கால மதிப்புக் கணக்குகளுக்கு அறிகுறிவாரியான வழிமுறை

பணத்தின் கால மதிப்புக் கணக்கில் விடை தவறும்போது, புதிதாகக் கற்பவர்கள் முதலில் சந்தேகப்படுவது சூத்திரத்தைத்தான். ஜார்ஜ்டவுனில் நான் நடத்தும் மாலை வகுப்பில் திருத்த வரும் தாள்களில் சூத்திரம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அதற்கு முன் வரைந்திருக்க வேண்டிய காலக்கோடு வரையப்படாமல் இருக்கும். அல்லது வரைந்த கோட்டில் ஏதோ ஒரு தொகை ஒரு புள்ளி தள்ளி உட்கார்ந்திருக்கும். அப்படி வரும் தவறான விடைக்கும் ஒரு பயன் உண்டு. அதைச் சரியான விடையோடு ஒப்பிட்டால், கோட்டில் எந்த இடத்தில் பிசகியது என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே இங்கே ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, அதற்கு வழக்கமாக வரும் தவறான விடைகள் ஒவ்வொன்றையும் அதன் காரணம் வரை பின்தொடர்கிறேன்.

கணக்கு இது. பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு தாய், தம் மகளின் நான்காண்டுப் பல்கலைக்கழகக் கட்டணத்துக்காக இன்று ஒரே தொகையாக வங்கியில் பணம் போட விரும்புகிறார். இன்று 2026 ஜனவரி 1. கட்டணம் ஆண்டுக்கு 12,000 ரிங்கிட். ஆறாம் ஆண்டின் தொடக்கத்தில் முதல் கட்டணம். அதன் பிறகு ஆண்டுக்கு ஒன்றாக மொத்தம் நான்கு. வங்கி ஆண்டுக்கு 5 விழுக்காடு கூட்டு வட்டி தருகிறது. அது இடையில் மாறாது என்று வைத்துக்கொள்வோம். இன்று எவ்வளவு போட வேண்டும்?

கோட்டை வரையும் முறை

கட்டம் போட்ட பயிற்சிப் புத்தகமும் பென்சிலும் போதும். கிடையாக ஒரு கோடு இழுத்து, சம தூரத்தில் ஒன்பது சிறு குறிகள் இட்டு, 0 முதல் 8 வரை எண் இடுங்கள். எண்களுக்குக் கீழே தேதிகளை எழுதுங்கள். தேதி வரிசையை வேண்டாத வேலை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கீழே வரும் பிழைகளில் பாதி அந்த வரிசை இருந்தாலே வராது. தேதிகளுக்குக் கீழே தொகைகளை எழுதுங்கள்.

```
எண்     0    1    2    3    4    5       6       7       8
        |----|----|----|----|----|-------|-------|-------|
ஜன. 1   26   27   28   29   30   31      32      33      34
தொகை    ?    0    0    0    0    12000   12000   12000   12000
```

இந்தக் கோட்டில் குறி என்பது ஒரு கணம். இரு குறிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிதான் ஆண்டு. பணம் குறியில் மட்டுமே கை மாறும், வட்டி இடைவெளியில் மட்டுமே வளரும். இதைப் புரிந்துகொள்ள நம் வீடுகளில் வயது சொல்லும் முறையே போதும். "பிள்ளைக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது" என்கிறோம். ஐந்து முடிந்த அந்த நாள்தான் 5 என்ற குறி. நடக்கிற ஆறு என்பது 5-க்கும் 6-க்கும் நடுவில் உள்ள இடைவெளி. ஆகவே ஆறாம் ஆண்டின் தொடக்கம் என்பது ஐந்தாம் ஆண்டின் முடிவேதான். இரண்டும் 5 என்ற ஒரே குறி. கேள்வியில் "ஆறாம் ஆண்டு" என்று கண்டவுடன் 6-இல் தொகையை எழுதிவிடுவது நான் காணும் பிழைகளில் மிகச் சாதாரணமானது. "ஆண்டின் தொடக்கத்தில்" என்றால் ஆண்டு எண்ணில் ஒன்றைக் குறையுங்கள்; "ஆண்டின் முடிவில்" என்றால் எண்ணை அப்படியே எழுதுங்கள்.

இப்போது சரியான விடை. ஒரு தொகையை ஒரு குறி இடப்பக்கம் நகர்த்தினால் 1.05 ஆல் வகுக்கிறோம், வலப்பக்கம் நகர்த்தினால் 1.05 ஆல் பெருக்குகிறோம். நான்கு கட்டணங்களையும் தனித்தனியாக 0-க்கு இழுத்து வந்தால் 9,402.31, 8,954.58, 8,528.18, 8,122.07 என்று வரும். கூட்டினால் ஒரு சென் முழுமையாக்கல் வித்தியாசத்துடன் 35,007.15 ரிங்கிட். இந்த நீண்ட வழி எந்தச் சூத்திரத்தையும் நம்பியிருக்கவில்லை என்பதால், விடைத்தாள் கையில் இல்லாதபோது நான் இதையே நடுவராக வைத்துக்கொள்வேன்.

அறிகுறி: உங்கள் விடை 33,340.14

தவறான விடை கிடைத்ததும் முதலில் ஒரு வகுத்தல் செய்யுங்கள். 35,007.15-ஐ 33,340.14 ஆல் வகுத்தால் 1.05 வருகிறது. வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால் 1,667.01 என்ற, ஒன்றும் சொல்லாத ஓர் எண்தான் கிடைக்கும்; வகுத்தால் மட்டுமே வட்டி விகிதம் முகம் காட்டும். சரியாக 1.05 வந்தால் எல்லாத் தொகைகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு குறி தள்ளிப்போயிருக்கின்றன என்று பொருள். 1.1025 வந்தால் இரண்டு குறி.

எங்கே தள்ளிப்போனது? மூன்று இடங்களில் தேட வேண்டும்.

முதல் இடம் மேலே சொன்ன "ஆறாம் ஆண்டு" குழப்பம். நான்கு கட்டணங்களும் 6, 7, 8, 9 ஆகிய குறிகளில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தேதி வரிசை எழுதியிருந்தால் முதல் கட்டணத்துக்குக் கீழே 2032 என்று இருக்கும். கேள்வியோ 2031-ஐக் கேட்கிறது.

இரண்டாவது இடம் கோட்டில் தெரியாது. கோடு சரியாக இருந்து, அதைப் படிக்கும்போது நேரும் பிழை இது. ஒரு மாணவி சென்ற பருவத்தில் என்னிடம் தாளை நீட்டி, "சார், கோடு சரியாத்தானே இருக்கு, அஞ்சுல ஆரம்பிக்குது, அஞ்சு வருஷம்தானே பின்னால கொண்டு வரணும்?" என்று கேட்டார். கோடு உண்மையிலேயே மிகச் சரியாக இருந்தது. அவர் சம தவணைத் தொடரின் நிகழ்கால மதிப்புச் சூத்திரத்தை நான்கு கட்டணங்களுக்குப் போட்டு 42,551.41 என்று கண்டுபிடித்து, அதை 1.05-இன் ஐந்தாம் அடுக்கால் வகுத்திருந்தார்.

```
12000 × (1 − 1.05^−4) / 0.05 = 42551.41
```

இந்த 42,551.41 எந்தக் குறியில் நிற்கிறது என்று அவரைக் கேட்டேன். அவர் 5-ஐத் தொட்டார். உண்மையில் அது நிற்பது 4-இல். இந்தச் சூத்திரம் முதல் தவணை ஒரு காலம் கழித்து வருகிறது என்ற அடிப்படையில் கட்டப்பட்டது. ஆகவே அதன் விடை எப்போதும் முதல் தவணைக்கு ஒரு குறி முன்னால் வந்து நிற்கும். முதல் தவணை 5-இல் என்றால் மதிப்பு 4-இல். அங்கிருந்து 0-க்கு நான்கு இடைவெளிகள்தான், ஐந்து அல்ல. 42,551.41-ஐ 1.05-இன் நான்காம் அடுக்கால் வகுத்தால் 35,007.15 வந்துவிடுகிறது. அன்றிலிருந்து, சூத்திரம் எந்த எண்ணைத் தந்தாலும் அது நிற்கும் குறியை எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு வட்டத்துக்குள் எழுதும்படி மாணவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: 42,551.41, வட்டத்துக்குள் 4. வட்டம் இல்லாத இடைநிலை விடையைத் திருத்தும்போது நான் ஏற்றுக்கொள்வதில்லை. இது சற்றுக் கண்டிப்பாகத் தெரியலாம். ஆனால் தள்ளிப்போட்ட தவணைத் தொடர்களில் இந்த வட்டத்தைப் போல் பிழையைத் தடுக்கும் வேறொரு பழக்கத்தை நான் கண்டதில்லை.

மூன்றாவது இடம் விரிதாள். எக்செல்லில் 0 முதல் 8 வரையிலான தொகைகளை, கேள்விக்குறி உள்ள இடத்தில் 0 என்று இட்டு, B2 முதல் B10 வரை எழுதி, இப்படிக் கேட்டிருப்பீர்கள்:

```
=NPV(0.05, B2:B10)
```

NPV என்றால் நிகர நிகழ்கால மதிப்பு; அந்தப் பெயரைப் பார்த்தால் எல்லாவற்றையும் இன்றைக்குக் கொண்டுவரும் என்றுதான் தோன்றும். ஆனால் NPV தனக்குக் கொடுக்கப்பட்ட முதல் தொகையை 1 என்ற குறியில் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. 0-இல் உள்ள தொகையையும் அதற்குள் தள்ளினால் முழு வரிசையும் ஒரு குறி வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. 0-ஐ வெளியே வைத்து எழுதினால் சரியாகும்:

```
=B2+NPV(0.05, B3:B10)
```

மூன்று வெவ்வேறு காரணங்களுக்கும் விடை ஒரே 33,340.14 தான். எனவே விடையைப் பார்த்துக் காரணத்தை ஊகிக்காமல், கோடு, வட்டம், விரிதாள் என்ற வரிசையில் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

அறிகுறி: உங்கள் விடை 36,757.50

இதை 35,007.15 ஆல் வகுத்தாலும் 1.05 தான், ஆனால் இம்முறை உங்கள் விடை பெரியது. தொகைகள் ஒரு குறி இடப்பக்கம் வந்துவிட்டன. நிதிக் கணிப்பானைப் பயன்படுத்துபவர்களிடம் இதை அதிகம் காண்கிறேன். முந்தைய கணக்கு வீட்டு வாடகையைப் பற்றியதாக இருந்திருக்கும். வாடகையை மாதத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவதால் கணிப்பானைத் தொடக்கத் தவணை முறைக்கு மாற்றியிருப்பீர்கள். திரும்ப மாற்ற மறந்திருப்பீர்கள். BA II Plus வகையில் அந்த நிலையில் திரையின் மேற்பகுதியில் BGN என்ற சிறு எழுத்துகள் தெரியும். அவை இருந்தால் 2ND, BGN, 2ND, SET என்று அழுத்தி மாற்றலாம்.

ஆனால் தொடக்கத் தவணை முறை இந்தக் கணக்குக்குத் தவறானது என்று நினைத்துவிட வேண்டாம். அந்த முறையில் நான்கு கட்டணங்களின் மதிப்பு 44,678.98, அது நிற்பது முதல் தவணை இருக்கும் அதே குறியில், அதாவது 5-இல். வட்டத்துக்குள் 5 என்று எழுதி ஐந்து இடைவெளிகள் பின்னால் வந்திருந்தால் அதே 35,007.15 கிடைத்திருக்கும். பிழை முறையில் இல்லை. தொடக்க முறையில் கண்ட எண்ணை முடிவு முறைக்குரிய குறியில் வைத்து நான்கு இடைவெளிகள் மட்டுமே வந்ததுதான் பிழை.

அறிகுறி: உங்கள் விடை 42,551.41

இந்த எண்ணை ஏற்கெனவே சந்தித்துவிட்டோம். அது 4-இல் நிற்கும் மதிப்பு. அதைப் பின்னால் இழுத்து வர மறந்திருக்கிறீர்கள். கையால் செய்தவர்களுக்கு இவ்வளவே.

விரிதாளில் செய்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது என்பதால் தனியே சொல்கிறேன். 1 முதல் 4 வரை பணம் ஏதும் இல்லாததால் அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டிருப்பீர்கள். NPV வெற்றுக் கட்டங்களைச் சுழியாகக் கொள்வதில்லை. அவை இல்லவே இல்லை என்பதுபோல் தாண்டிவிடுகிறது. ஆகவே 5-இல் இருக்கும் கட்டணத்தை அது முதல் தொகையாகக் கண்டு 1-இல் வைத்துவிடுகிறது. நான்கு ஆண்டுக் காத்திருப்பு ஓசையில்லாமல் மறைந்துபோகிறது. பணம் வராத குறியிலும் 0 என்று எழுத வேண்டும். மேலே வரைந்த கோட்டில் அந்த நான்கு சுழிகளை நான் விடாமல் எழுதியிருப்பது இதற்காகத்தான்.

அறிகுறி: உங்கள் விடை 26,885.07

இங்கே வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 1.30 வருகிறது. அது 1.05-இன் எந்த அடுக்கும் அல்ல, 1.05-இன் ஐந்தாம் அடுக்கு 1.276, ஆறாம் அடுக்கு 1.340. வகுத்தல் பேசாவிட்டால் கழித்துப் பாருங்கள். 35,007.15-இலிருந்து 26,885.07-ஐக் கழித்தால் 8,122.08, ஒரு சென் முழுமையாக்கலை விட்டால், கடைசிக் கட்டணத்தின் இன்றைய மதிப்பு அதுவேதான். ஒரு கட்டணம் முழுவதுமாக விடுபட்டுப் போயிருக்கிறது.

2031 முதல் 2034 வரை என்றதும் 2034-இலிருந்து 2031-ஐக் கழித்து மூன்று என்று எண்ணியிருப்பீர்கள். கையை விரித்துப் பாருங்கள்: விரல் ஐந்து, இடைவெளி நான்கு. கழித்தல் இடைவெளிகளைத் தரும்; கட்டணங்களோ விரல்கள். எத்தனை தவணை என்று கேட்கும்போது கழித்து ஒன்று கூட்டுங்கள். எத்தனை ஆண்டு நகர்த்த வேண்டும் என்று கேட்கும்போது கழித்ததோடு நிறுத்துங்கள். கோட்டில் 12,000 என்று எழுதிய இடங்களை விரல் வைத்து எண்ணினால் இந்தக் கேள்வியே எழாது.

அறிகுறி: மாதத் தவணை நம்ப முடியாத அளவுக்குப் பெரியதாக வருகிறது

இதற்கு மட்டும் வேறு கணக்கு வேண்டும், ஏனென்றால் கல்விக் கட்டணக் கணக்கில் காலம், வட்டி இரண்டுமே ஆண்டுக் கணக்கில் இருந்தன. ஒருவர் மோட்டார் சைக்கிள் வாங்க 9,000 ரிங்கிட் கடன் பெற்று 36 மாதத் தவணைகளில் கட்டுகிறார். வட்டி ஆண்டுக்கு 6 விழுக்காடு, குறையும் நிலுவைமீது மாதந்தோறும் கூட்டப்படுவது. முதல் தவணை ஒரு மாதம் கழித்து. தவணை எவ்வளவு?

கோட்டில் 0 முதல் 36 வரை குறிகள், ஒவ்வோர் இடைவெளியும் ஒரு மாதம். இடைவெளி மாதமானால் இடைவெளியில் வளரும் வட்டியும் மாத வட்டியாகவே இருக்க வேண்டும்: 6-ஐ 12 ஆல் வகுத்து 0.5 விழுக்காடு. தவணை 273.80 ரிங்கிட். மாத இடைவெளிமேல் 6 விழுக்காட்டை அப்படியே போட்டவருக்கு 615.55 வரும், 36 மாதத்தில் அவர் 22,000 ரிங்கிட்டுக்கு மேல் கட்டுவதாக ஆகும். இந்தப் பிழையைப் பிடிப்பது எளிது. வட்டியே இல்லாவிட்டால் தவணை 9,000-ஐ 36 ஆல் வகுத்த 250. முழுக் கடன்மீதும் கடைசி வரை வட்டி கட்டினால்கூட மாத வட்டி 45-ஐத் தாண்டாது. ஆகவே சரியான விடை 250-க்கும் 295-க்கும் நடுவில்தான் இருக்க முடியும். கணிப்பானைத் தொடுவதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் கோட்டின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

அதைவிட நுட்பமான பிழை ஒன்று அந்த எல்லைகளுக்கு உள்ளேயே ஒளிந்திருக்கிறது. 0 முதல் 3 வரை ஆண்டுக் குறிகள் மட்டும் வரைந்து, 6 விழுக்காட்டுக்கு ஆண்டுத் தவணை 3,366.99 என்று கண்டுபிடித்து, அதை 12 ஆல் வகுத்தால் 280.58 வரும். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டின்படி பணம் ஆண்டு முடிவில்தான் கை மாறுகிறது; ஜனவரியில் கட்டிய பணம் டிசம்பர் வரை கடனைக் குறைக்காமல் கிடக்கிறது. பணம் எவ்வளவு இடைவெளியில் கை மாறுகிறதோ, குறிகளும் அவ்வளவு இடைவெளியில்தான் இருக்க வேண்டும். கல்விக் கட்டணத்தைப் பருவத்துக்கு ஒருமுறை என்று இரண்டாகப் பிரித்துக் கட்டச் சொன்னாலும் இதே விதிதான்: அரையாண்டுக் குறிகள் வேண்டும், வட்டியும் அரையாண்டு வட்டியாக மாற வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கூட்டப்படும் 5 விழுக்காட்டைப் பாதியாக்கி 2.5 என்று எழுதக் கூடாது, 1.05-இன் வர்க்கமூலத்திலிருந்து 1-ஐக் கழித்து, ஏறத்தாழ 2.47 விழுக்காடு என்று எழுத வேண்டும். மோட்டார் கணக்கில் 12 ஆல் வகுத்தது சரி, ஏனென்றால் அங்கே வட்டி மாதந்தோறும் கூட்டப்படும் என்று கேள்வியே சொல்லிவிட்டது.

இந்நாட்டு மாணவர்களுக்காக இங்கே ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வாடகைக் கொள்முதல் விளம்பரங்களில் நாம் பார்த்துப் பழகிய ஃபிளாட் ரேட் வட்டி காலக்கோட்டில் போடக்கூடிய வட்டி அல்ல. 6 விழுக்காடு ஃபிளாட் ரேட் என்றால் முழு 9,000-க்கும் மூன்றாண்டு வட்டி 1,620-ஐக் கூட்டி 36 ஆல் வகுப்பார்கள். தவணை சரியாக 295. நாம் ஓரத்தில் எழுதிவைத்த மேல் எல்லையே அது. கேள்வியில் ஃபிளாட் ரேட் என்று இருந்தால் முதலில் தவணையைக் கண்டுபிடித்துக் கோட்டில் வையுங்கள். உண்மையான வட்டியைக் கோட்டிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். அது எப்படி என்பது அடுத்த அறிகுறியில் வருகிறது.

அறிகுறி: Error 5 அல்லது #NUM!

வட்டி விகிதத்தைக் கேட்டால் கணிப்பான் Error 5 என்கிறது, அல்லது எக்செல் #NUM! என்கிறது. கோட்டில் எல்லாத் தொகைகளும் ஒரே குறியீட்டில், எல்லாமே கூட்டலாக எழுதப்பட்டிருக்கின்றன. வாங்கியவரின் கையிலிருந்து பாருங்கள். 0-இல் 9,000 அவர் கைக்கு வருகிறது: கூட்டல். 1 முதல் 36 வரை 295 அவர் கையைவிட்டுப் போகிறது: கழித்தல். இரண்டும் கூட்டலாக இருந்தால், கடனும் வாங்கி மாதாமாதம் பணமும் வாங்குகிறார் என்றுதான் இயந்திரம் புரிந்துகொள்ளும். அதற்கு எந்த வட்டியும் பொருந்தாது.

```
=RATE(36, -295, 9000)
```

இதன் விடை மாதத்துக்கு ஏறத்தாழ 0.92 விழுக்காடு. 12 ஆல் பெருக்கினால் ஆண்டுக்குச் சுமார் 11 விழுக்காடு. ஃபிளாட் ரேட்டில் 6 என்று சொல்லப்பட்டதற்கும் கோட்டில் போடத்தக்க வட்டிக்கும் இவ்வளவு தூரம் இருக்கிறது.

கோட்டின் தலைப்பில் "வாங்குபவர்" அல்லது "வங்கி" என்று யாருடைய கை என்பதை எழுதிவிடுங்கள். வங்கியின் பக்கத்திலிருந்து வரைந்தாலும் விடை மாறாது. ஆனால் பாதிக் கோட்டை ஒருவர் பக்கத்திலிருந்தும் மீதியை மற்றவர் பக்கத்திலிருந்தும் வரையக் கூடாது. எக்செல்லில் `=PV(0.05,4,12000)` என்று கேட்டு −42,551.41 வந்தால் பயப்பட வேண்டியதில்லை. பின்னால் 12,000 கைக்கு வர, முன்னால் அந்தத் தொகை கையைவிட்டுப் போக வேண்டும் என்பதையே அந்தக் கழித்தல் குறி சொல்கிறது.

விடைத்தாள் இல்லாதபோது

மேலே சொன்ன அறிகுறிகளில் முதல் நான்கும் சரியான விடை தெரிந்தால்தான் உதவும். அது தெரியாதபோது, நீங்கள் கண்ட தொகையை 0-இல் வைத்துக் கோட்டின்மீது முன்னோக்கி நடத்திப் பாருங்கள். இடைவெளியில் வட்டியைச் சேருங்கள்; குறியில் கட்டணத்தைக் கழியுங்கள்.

35,007.15 நான்கு இடைவெளிகளைக் கடந்து 4-இல் 42,551.41 ஆகிறது, 5-இல் 44,678.98. முதல் கட்டணம் போக 32,678.98. அடுத்த ஆண்டு 34,312.93 ஆகி, கட்டணம் போக 22,312.93. அதற்கடுத்த ஆண்டு 23,428.57 ஆகி, கட்டணம் போக 11,428.57. 8-இல் அது 12,000.00 ஆகிறது, கடைசிக் கட்டணத்தைக் கட்டியதும் கணக்கில் ஒரு சென்னும் மிஞ்சவில்லை, ஒரு சென்னும் குறையவில்லை.

அந்த மாணவியின் 33,340.14-ஐயும் அதே கோட்டில் அவரையே நடத்திப் பார்க்கச் சொன்னேன். 5-இல் அது 42,551.41 ஆனது. அவர் 4-இல் நிற்க வேண்டும் என்று வட்டமிட்ட எண், ஓராண்டு தாமதமாக 5-இல் வந்து நின்றதைப் பார்த்ததுமே பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். இருந்தாலும் கடைசி வரை போகும்படி கேட்டுக்கொண்டேன். முதல் மூன்று கட்டணங்களும் கட்டப்பட்டன. 2034 ஜனவரி 1-ஆம் தேதி கணக்கில் இருந்தது 9,537.07 ரிங்கிட். மகளின் கடைசி ஆண்டுக் கட்டணத்துக்கு அந்தத் தாய் இன்னும் 2,462.93 ரிங்கிட் தேட வேண்டியிருந்தது.